அந்தக் கேண்டில் எங்கே நிக்குது?

போன முறை வீட்டுக்கடன் புதுப்பிக்கிறதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கொஞ்சம் வேறு விஷயம். டொலர் வாங்கி விற்கிற பிள்ளைகள் இப்போது எல்லார் வீட்டிலும் ஒன்றாவது இருக்கிறார்கள். என் அக்காவின் மகனும் அப்படித்தான். கொன்கோர்டியாவில் படிக்கிறான், கையிலே போன், போனிலே சார்ட்.

2025 பெப்ரவரி 3, திங்கட்கிழமை. வேலை முடித்து விக்டோரியா சதுக்கத்துப் பக்கத்தில் இருந்து நிலத்தடிப் பாதையால் நடந்து வந்தேன். வெளியில் மொன்றியல் பனி. டவுன்டவுனில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சுரங்கப் பாதை பெரிய புண்ணியம். வழியில் மருமகனிடம் இருந்து போன். "மாமா, பீல் மெற்றோவுக்கு வாறீங்களோ? ஒரு விஷயம் கதைக்க வேணும்." குரலைக் கேட்டவுடனே விளங்கியது, காசு விஷயம்.

கோப்பிக்கடை மூலையில் இருந்து போனை நீட்டினான். ஞாயிறு இரவு அமெரிக்க டொலரை ஒன்றுக்கு 1.4740 கனடா டொலர் என்ற விலையில் வாங்கியிருக்கிறான். 40,000 அமெரிக்க டொலருக்கு. அவ்வளவு காசு அவனிடம் இல்லை. இருந்தது 2,600 கனடா டொலர், மீதி புரோக்கர் கொடுக்கிற கடன் பலம். திங்கள் பின்னேரம் விலை 1.4450க்கு வந்தபோது புரோக்கரே அந்தக் கணக்கை அடைத்துவிட்டது. 2.9 சதம் நட்டம், 40,000 தடவை. 1,160 டொலர். அது குளிர்காலப் பருவத்துப் படிப்புக் கட்டணத்துக்கு அக்கா போட்டுவிட்ட காசு.

"ஏனடா வாங்கினாய்?" என்று கேட்டேன்.

"பதினைந்து நிமிஷச் சார்ட்டில் பச்சைக் கேண்டில் முன்னுக்கு இருந்த சிவப்பை முழுசா விழுங்கிப் போட்டுது மாமா. புள்ளிஷ் என்கல்ஃபிங். புத்தகத்தில இருக்கிற மாதிரியே இருந்தது."

அவன் சொன்னது பொய்யில்லை. வடிவம் அச்சாகத்தான் இருந்தது. பிழை வடிவத்தில் இல்லை, அது நின்ற இடத்தில். அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாக. ஒரு கேண்டில் என்றால் ஒரு நாளின் (அல்லது ஒரு மணித்தியாலத்தின்) கதை. தொடங்கிய விலைக்கும் முடிந்த விலைக்கும் இடைப்பட்ட தடித்த பகுதி உடல். அதற்கு மேலும் கீழும் போய்த் திரும்பிய விலைகள் மெல்லிய வால். ஏறி முடிந்தால் பச்சை, இறங்கி முடிந்தால் சிவப்பு. ஜப்பானில் அரிசிச் சந்தைக் காலத்தில் இருந்து வருகிற முறை இது. மேற்கு நாடுகளில் பரவச் செய்தவர் ஸ்டீவ் நிசன், அவருடைய புத்தகம் 1991இல் வந்தது.

என்கல்ஃபிங் என்றால் இன்றைய உடல் நேற்றைய உடலை எதிர்த் திசையில் முழுதாக மூடுவது. பின் பார் என்றால் சின்ன உடல், ஒரு பக்கம் நீண்ட வால். முழு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது வாலாக இருக்க வேண்டும் என்பது வழமையான அளவு. பினோக்கியோ என்பதன் சுருக்கம்தான் அந்தப் 'பின்'. மார்ட்டின் பிரிங் வைத்த பெயர். மூக்கு நீண்டால் பொய் சொல்லுகிறான் என்று அர்த்தம். விலை மேலே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் திரும்பியது, அந்தப் பொய்யின் நீளம்தான் வால்.

இனி உண்மையான கேள்வி. இந்த வடிவங்கள் ஏன் சில இடங்களில் வேலை செய்கின்றன, பல இடங்களில் ஒன்றுமே செய்வதில்லை?

மருமகனின் போனிலேயே அமெரிக்க டொலர், கனடா டொலர் சார்ட்டைப் பதினைந்து நிமிஷத்தில் இருந்து மாதத்துக்கு மாற்றச் சொன்னேன். (இந்தச் சார்ட்டில் விலை ஏறினால் நம்முடைய கனடா டொலர் இறங்குகிறது என்று பொருள்; அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.) இருபது வருஷம் ஒரே திரையில் வந்தது. "இப்ப மேல பார், எந்த இடத்தில தலை இடிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

முதல் இடி 2016 ஜனவரி 20. எண்ணெய் விலை பீப்பாய்க்கு 27 டொலருக்கும் கீழே போயிருந்த நேரம். எண்ணெய் விழுந்தால் நம்முடைய டொலரும் விழும். ஒரு அமெரிக்க டொலர் 1.4690 வரை போனது, 2003க்குப் பிறகு காணாத விலை. அன்று காலை கனடா மத்திய வங்கி வட்டியைக் குறைக்கும் என்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள். வங்கி 0.50 வீதத்திலேயே வைத்துவிட்டது. விலை திரும்பி, நாள் முடிய 1.45 அருகில் வந்து நின்றது. மேலே நீண்ட வால், கீழே சிவப்பு உடல். அந்த மே மாதத் தொடக்கத்தில் விலை 1.25க்கும் கீழே.

இரண்டாவது 2020 மார்ச் 19. கொரோனாவால் உலகமே கதவடைத்த வாரம். எல்லாரும் அமெரிக்க டொலரைத் தேடி ஓடினார்கள். விலை 1.4670 அளவுக்குப் போனது. 2016இன் உச்சிக்கு வெறும் ஒரு அரைச் சதத்துக்குள். அங்கே நிற்க முடியாமல் அன்றே கீழே வந்தது. ஜூனில் 1.34க்கும் கீழே இருந்தது.

மூன்றாவது, மருமகன் வாங்கிய அந்த இரவு. அமெரிக்க ஜனாதிபதி சனிக்கிழமை கையெழுத்துப் போட்டிருந்தார்: பெரும்பாலான கனடாப் பொருட்களுக்கு 25 வீத வரி, செவ்வாய் முதல். ஞாயிறு மாலை சந்தை திறந்தபோதே விலை வெள்ளிக்கிழமை முடிந்த இடத்தில் இருந்து ஒரு பாய்ச்சல் பாய்ந்து மேலே திறந்தது. இரவோடு இரவாக 1.4793 வரை போனது. பழைய உச்சி இரண்டையும் தாண்டிவிட்டது. திங்கள் காலை மெக்சிக்கோவுக்கு ஒரு மாத ஒத்திவைப்பு என்ற செய்தி. மாலை ஐந்து மணிக்குச் சற்று முன் கனடாவுக்கும் அதே. நாணயச் சந்தையின் நாள் கேண்டில் மூடுவது நியூயோர்க் நேரம் மாலை ஐந்து மணிக்கு. மொன்றியலிலும் அதே நேரம்தான். மூடும்போது விலை 1.44 அருகில். வெள்ளிக்கிழமைப் பச்சைக் கேண்டிலின் உடலை முழுதாக விழுங்கிய பெரிய சிவப்புக் கேண்டில், தலைக்கு மேலே வாலும் சேர்த்து.

மருமகன் சார்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நான் அந்தச் சுவருக்குக் கீழேயே நிண்டு வாங்கியிருக்கிறன்."

ஓம். அதுதான் நடந்தது. ஒன்பது வருஷத்தில் இரண்டு முறை விலை திரும்பின இடத்தில் நின்று, பதினைந்து நிமிஷத்தில் உருவான ஒரு சின்னப் பச்சை வடிவத்தை நம்பி, இன்னும் மேலே போகும் என்று வாங்கியிருக்கிறான்.

இதற்குள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சார்ட்டில் கோடு கீறினால் விலை நிற்காது. அங்கே காசோடு ஆட்கள் நிற்பதால்தான் நிற்கிறது. அமெரிக்காவுக்கு மரமும் உலோகமும் விற்கிற கனடாக் கம்பனிகளுக்கு வருமானம் அமெரிக்க டொலரில். சம்பளம் கொடுப்பது கனடா டொலரில். ஒன்றுக்கு 1.47 கிடைத்தால் பல வருஷத்துக்கு ஒருமுறை வருகிற நல்ல விலை, விற்பார்கள். 2016இல் அந்த விலையைத் தவறவிட்டவர்கள் 2020இல் விடமாட்டார்கள். வங்கிகள், நிதியங்கள், வியாபாரிகள் எல்லாருமே அந்த உச்சியைத் தங்கள் திரையில் குறித்து வைத்திருக்கிறார்கள். பல பேர் பார்க்கிற இடம் என்பதாலேயே அது முக்கியமான இடம்.

உச்சியைக் கொஞ்சம் தாண்டினால் வேறு ஒரு கூட்டம் வருகிறது. "உடைஞ்சு போச்சு, இனி மேலதான்" என்று புதிதாக வாங்குகிறவர்கள். ஏற்கெனவே விற்றுவிட்டு, நட்டத்தை நிறுத்த உச்சிக்கு மேலே கட்டளை வைத்திருந்தவர்கள். அந்தக் கட்டளையும் வாங்கும் கட்டளைதான். 1.4690ஐத் தாண்டி 1.4793 வரை போன அந்தக் கடைசிச் சதம் பெரும்பாலும் இப்படிப்பட்ட வாங்கலாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் வாங்கி முடிந்தபின் அதற்கு மேலே வாங்க யார் இருக்கிறார்கள்? செய்தி மாறியவுடன் அத்தனை பேரும் நட்டத்தில். நட்டத்தில் நிற்கிறவன் வெளியே வர விற்க வேண்டும். அவன் விற்க விலை இன்னும் இறங்கும், அடுத்தவன் விற்பான். பெரிய சிவப்பு உடல் என்பது இந்த ஓட்டத்தின் தடம். மருமகனின் 40,000உம் அந்தத் தடத்துக்குள்தான் இருக்கிறது.

அதே என்கல்ஃபிங் விலையின் நடுவழியில், 1.40க்கும் 1.43க்கும் இடையில் எங்கேயோ வந்தால்? அங்கே காத்திருந்து விற்கிற ஏற்றுமதிக் கம்பனி இல்லை. உச்சி உடையும் என்று வாங்கி மாட்டியவர்களும் இல்லை. யாரோ ஒரு வங்கி மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பெரிய கணக்கை முடித்திருக்கலாம். அதுவே ஒரு பச்சை உடலாகத் தெரியும். வடிவம் ஒன்று, பின்னால் காரணம் இல்லை. அடுத்த கேண்டில் எந்தப் பக்கமும் போகலாம்.

அவனுடைய பழைய கணக்குகளையும் அன்றே ஒன்றொன்றாகப் பார்த்தோம். மூன்று மாதத்தில் முப்பதுக்கும் மேல். ஒவ்வொன்றிலும் என்கல்ஃபிங் அல்லது பின் பார் இருந்தது, அவன் ஏமாற்றவில்லை. நாள் சார்ட்டில் யாரும் கவனிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவை ஒரு கை விரலுக்குள். மற்றதெல்லாம் நடுவழி. சிலது வென்றது, சிலது தோற்றது, ஒவ்வொரு முறையும் புரோக்கருக்குக் கொடுக்கிற இடைவெளிக் காசு மட்டும் தவறாமல் போனது.

"அப்ப 1.4690இல கண்ணை மூடிக்கொண்டு விற்றிருந்தால் சரிதானே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இல்லை. ஞாயிறு இரவு 1.4690இல் விற்றவனுக்கு விடிய முன்னம் ஒரு சதத்துக்கு மேல் நட்டம். அவனும் 40,000 விற்றிருந்தால் 400 டொலர் போய், பயந்து வெளியே வந்திருப்பான். வந்தபிறகுதான் விலை விழுந்திருக்கும். இடம் என்பது ஒரு கோடு இல்லை, ஒரு பட்டை. 1.4670, 1.4690, 1.4793 மூன்றையும் சேர்த்தால் ஒரு சதத்துக்கும் கூடிய அகலம். அந்தப் பட்டைக்குள் வந்தபின் சந்தை என்ன முடிவு எடுக்கிறது என்று நாளின் முடிவில் கேண்டில் சொல்லும். இடம்தான் கேள்வி, கேண்டில் பதில். கேள்வி இல்லாத இடத்தில் பதிலை வைத்து என்ன செய்வது?

பதில் எப்போதும் "திரும்பும்" என்று வராது. அதற்கும் நம்முடைய டொலரிலேயே உதாரணம் இருக்கிறது. 2022 அக்டோபர் 13, அமெரிக்க விலைவாசிக் கணக்கு வந்த நாள். விலை 1.3975ஐத் தாண்டிப் போய், அன்றே இரண்டு சதத்துக்கு மேல் கீழே வந்து முடிந்தது. அழகான பின் பார். 2024 ஆகஸ்ட் 5, உலகப் பங்குச்சந்தைகள் ஆட்டம் கண்ட திங்கள், மறுபடி 1.3945 வரை போய்த் திரும்பியது. இரண்டு முறை வேலை செய்த சுவர். மூன்றாம் முறை 2024 நவம்பரில் வந்தபோது? மேலே வால் விட்டுத் திரும்பவில்லை. பட்டைக்கு மேலேயே நாள் கேண்டில்கள் மூடின, டிசம்பரில் 1.44ஐத் தாண்டியது. இரண்டு முறை திரும்பியதே என்று முன்கூட்டியே விற்றவர்களுக்கு நல்ல அடி. அந்த இடத்தில் கேள்வி அதேதான், பதில் வேறு. கேண்டில் மூடும்வரை காத்திருந்தவன் தப்பினான்.

திரும்பும் கேண்டில் வந்தபிறகும் அது தோற்கலாம். 2020 மார்ச் 19க்குப் பிறகு விலை உடனே நேராக விழவில்லை. அடுத்த நாள் நன்றாக இறங்கிவிட்டு, அடுத்த வாரத் தொடக்கத்தில் மறுபடி 1.45ஐத் தாண்டி ஏறியது. உச்சியைத் தொடவில்லை, ஆனால் அந்த இரண்டு நாளும் நித்திரை வந்திருக்காது. அதனால்தான் நட்டம் நிறுத்தும் இடம் வாலின் நுனிக்கு அப்பால் இருக்க வேண்டும். வாலுக்கு மேலே விலை போனால் "திரும்பியது" என்ற கதையே பொய் என்று அர்த்தம், அப்போது வெளியே வருவதுதான் சரி. அதற்குள்ளே வைத்தால் சாதாரண ஆட்டமே உங்களைத் தூக்கி எறியும்.

இங்கேதான் கணக்கு கசக்கும். பெப்ரவரி 3 கேண்டில் மூடியபின் 1.4430இல் ஒருவர் விற்கிறார் என்று வைப்போம். நிறுத்தும் இடம் 1.4800. தூரம் 3.7 சதம். மருமகனைப் போல 2,600 டொலர் வைத்திருக்கிறவர் ஒரு முறையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இழக்கக்கூடாது என்றால், இழக்கக் கூடியது 52 டொலர். 52ஐ 0.037ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,400 அமெரிக்க டொலர். அவ்வளவுதான் அவர் விற்கலாம். அந்த மாதம் 14ஆம் திகதி விலை 1.42க்குக் கீழே வந்தது; 1.42இல் அடைத்திருந்தால் லாபம் 32 டொலர். ஜூன் நடுப்பகுதியில் 1.36 அருகில், அதுவரை பொறுத்திருந்தால் நூற்றுச் சொச்சம்.

இந்தக் கணக்கைப் பிறகு காட்டியபோது, "நாலு மாதம் இருந்து நூறு டொலரோ?" என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். 1,400க்கும் 40,000க்கும் இடையிலான தூரம்தான் அவன் இழந்த கட்டணம். நல்ல வடிவம் நல்ல இடத்தில் வந்தாலும் கணக்கு பெரிதாக இருந்தால் அந்த 2020 மார்ச் வாரம் மாதிரி ஒரு ஆட்டத்திலேயே புரோக்கர் அடைத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பெரிய ஞானி மாதிரி ஆகிவிடும். பொஸ்டனில் படிக்கிற என் மகளுக்கு அமெரிக்க டொலரில் வாடகை அனுப்ப வேண்டும். அந்தத் திங்கள் காலை வேலைக்கு வந்தவுடனே, இன்னும் ஏறிவிடுமோ என்ற பயத்தில், நானே இரண்டு மாத வாடகையை மாற்றிவிட்டேன். 2016, 2020 எல்லாம் எனக்குத் தெரியும். பயம் வந்தால் மாதச் சார்ட் கண்ணுக்குத் தெரியாது, கடைசிப் பத்து நிமிஷம்தான் தெரியும். மருமகனுக்கு நடந்ததும் அதுதான். மாலை ஐந்து மணிவரை பொறுத்திருந்தால் நானும் சில டொலர் மிச்சம் பிடித்திருப்பேன். அதை அவனிடம் சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பின்னோக்கிப் பார்த்துச் சொல்லுவது சுகம் என்பதும் உண்மை. 2016 ஜனவரியில் 1.4690 ஒரு சுவர் ஆகும் என்று சார்ட்டைப் பார்த்து ஒருவரும் சொல்லியிருக்க முடியாது. அங்கே விலை திரும்பி, வருஷக்கணக்காகத் திரும்பி வராமல் இருந்ததால்தான் அது சுவர் ஆனது. இடம் என்பது சந்தையின் ஞாபகம். அந்த ஞாபகம் ஒருமுறை உருவாகி, மறுபடி விலை அங்கே வரும்போதுதான் கேண்டிலுக்குப் பேச ஒரு பொருள் கிடைக்கிறது. அப்படி வந்தது ஒன்பது வருஷத்தில் இரண்டே தரம். நாள் சார்ட்டில் சின்ன இடங்கள் இன்னும் அடிக்கடி வரும்தான், ஆனால் தினமும் பத்து வராது. தினமும் பத்து உங்களுக்குத் தெரிகிறது என்றால் நீங்கள் பார்ப்பது இடத்தை அல்ல, வடிவத்தை.

அக்காவுக்கு அவனே போன் எடுத்துச் சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் சத்தம் வரவில்லை, பிறகு வந்த சத்தம் மெற்றோ வரைக்கும் கேட்டிருக்கும். குறைந்த 1,160ஐ நான் போட்டேன், கோடை வேலையில் திருப்பித் தருவதாக ஒப்பந்தம். ஒரு நிபந்தனையும் வைத்தேன். ஞாயிறு தோறும் சந்தை திறக்க முன்னம், மாதச் சார்ட்டையும் கிழமைச் சார்ட்டையும் பார்த்து, விலை திரும்பின பட்டைகளை ஒரு தாளில் எழுதி எனக்குப் படம் அனுப்ப வேண்டும். அந்தப் பட்டைக்குள் விலை வராத கிழமை அவன் கை வைக்கக்கூடாது.

இரண்டாவது ஞாயிறு படம் வந்தது. ஒரு கொப்பித் தாள், நாலே நாலு வரி. கீழே அவன் கையெழுத்தில்: "இந்தக் கிழமை ஒண்டும் இல்லை மாமா."

அடுத்த முறை சந்திப்போம்.